9:40-க்கு மேல்: தாமதமாக வந்த ஒருவருக்கு எழுதிய மெயில்

தஞ்சாவூரில் ஒரு கணக்குத் தணிக்கை அலுவலகத்தில் நிர்வாகத்தைப் பார்த்துக்கொள்பவன் நான். எங்களிடம் 14 பேர் வேலை செய்கிறார்கள். வாடிக்கையாளர்களில் பாதிக்கு மேல் அரிசி ஆலைக்காரர்கள், மீதி உரக்கடை, பாத்திரக்கடை, நகைக்கடை. 2025 செப்டம்பரில் எங்கள் ஜிஎஸ்டி பிரிவில் உள்ள ஒரு தம்பிக்கு, அவர் தொடர்ந்து தாமதமாக வருவது பற்றி ஒரு மெயில் எழுத வேண்டியிருந்தது. ஒரு பக்கம்கூட வராத மெயில் அது. எழுதி முடிக்க மூன்று நாள் ஆனது. மூன்றில் இரண்டு நாள் எழுதவே இல்லை, வருகைப் பதிவைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். அந்த இரண்டு நாள்தான் கடைசியில் மெயிலைக் காப்பாற்றியது.

தம்பிக்கு 26 வயது. கொரடாச்சேரி பக்கம் ஒரு கிராமத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறார். ஏறக்குறைய 40 கிலோமீட்டர். மூன்று வருடமாக எங்களிடம் இருக்கிறார், வேலையில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. அரிசி ஆலைக் கணக்குகள் முழுக்க அவர் கையில்.

காலை ஒரு மணி நேரம் ஏன் இத்தனை முக்கியம்

எங்கள் அலுவலகம் 9:30-க்குத் தொடங்குகிறது. 9:40 வரை சலுகை. கணக்கு வேலைதானே, அரை மணி முன்னே பின்னே ஆனால் என்ன என்று வெளியில் இருப்பவர்கள் கேட்பார்கள். அந்தத் தம்பியின் வேலைக்கு அது பொருந்தாது.

ஒவ்வொரு மாதமும் 11-ஆம் தேதிக்குள் விற்பனை விவரம் சொல்லும் ஜிஎஸ்டிஆர்-1, 20-ஆம் தேதிக்குள் வரிக் கணக்கைக் காட்டும் ஜிஎஸ்டிஆர்-3பி தாக்கல் செய்ய வேண்டும். தனி உரிமையாளரோ பங்குதாரர் நிறுவனமோ என்றால், கடைசி பொத்தானை அமுக்கியதும் ஓடிபி முதலாளியின் போனுக்குப் போகும். அவர் அதைப் பார்த்து எங்களுக்குச் சொல்ல வேண்டும், அதுவும் சில நிமிடத்துக்குள். ஆலைக்காரர்கள் 10:30-க்கு மேல் ஆலைக்குள் போய்விட்டால் மிஷின் சத்தத்தில் போன் அடிப்பது காதில் விழாது. மதியம் சாப்பாடு, தூக்கம். மறுபடி கையில் கிடைப்பது விளக்கு வைத்த பிறகுதான். ஆக, 9:30-லிருந்து 10:30 வரை உள்ள ஒரு மணி நேரத்தில் அந்தத் தம்பி சீட்டில் இருந்தாக வேண்டும்.

ஜிஎஸ்டிஆர்-1 ஒரு நாள் தள்ளிப்போனால் அபராதம் பெரிதாக இருக்காது. பிரச்சினை வேறு. 14-ஆம் தேதி உருவாகும் ஜிஎஸ்டிஆர்-2பி அறிக்கையில் நம் ஆலை போட்ட பில் வராது. அரிசி வாங்கிய வியாபாரிக்கு அந்த மாதம் வரி வரவு கிடைக்காது. அவர் ஆலைக்காரரைக் கேட்பார், ஆலைக்காரர் எங்களைக் கேட்பார். அந்தப் போனை எடுப்பவன் நான்.

முதலில் எழுதியது

செப்டம்பர் 19, வெள்ளிக்கிழமை. தம்பி 10 மணிக்கு மேல் வந்தார். அந்த மாதத்தில் எத்தனையாவது முறை என்று எண்ண முடியாத கோபத்தில் உடனே உட்கார்ந்து ஒரு மெயில் தட்டினேன். அதிலிருந்து நான்கு வரி:

"நீங்கள் எப்போதும் தாமதமாகவே வருகிறீர்கள். இது உங்கள் பொறுப்பின்மையைக் காட்டுகிறது. இரவில் அதிக நேரம் கண் விழிப்பதைத் தவிர்த்து, சீக்கிரம் எழப் பழகிக்கொள்ளவும். இனியும் இது தொடர்ந்தால் கடும் நடவடிக்கை எடுக்கப்படும்."

அனுப்பவில்லை. நல்ல புத்தி வந்து அல்ல, சாப்பாட்டு நேரம் வந்துவிட்டது. திரும்பி வந்து படித்தபோது முதல் வரியிலேயே இடறியது. "எப்போதும்" என்று எழுதியிருக்கிறேன். அவர் சரியான நேரத்துக்கு வந்த ஒரே ஒரு நாளைக் காட்டினால் போதும், என் மெயில் பொய். "பொறுப்பின்மை" என்பது அவருடைய குணத்தைப் பற்றி நான் வழங்கிய தீர்ப்பு. வந்த நேரம் எனக்குத் தெரியும், குணத்தை நான் எங்கே அளந்தேன்? "கண் விழிப்பதைத் தவிர்த்து" என்பதுதான் மோசம். அவர் ராத்திரி என்ன செய்கிறார் என்று எனக்கு எதுவும் தெரியாது. போனைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பார் என்று நானே முடிவுகட்டி, அதற்கு அறிவுரையும் சொல்லியிருக்கிறேன். அவர் உண்மையிலேயே கண் விழித்துக்கொண்டுதான் இருந்தார் என்பதும், எதற்காக என்பதும் நான்கு நாள் கழித்துத்தான் தெரிந்தது.

நான்காவது வரியில் மிரட்டல் இருக்கிறது, ஆனால் உறுதி இல்லை. என்ன நடவடிக்கை, யார் எடுப்பார்கள், எந்தத் தேதிக்குப் பிறகு? ஒன்றும் இல்லை. படிப்பவர் பயப்படலாம், ஆனால் நாளைக்கு என்ன செய்ய வேண்டும் என்பது அவருக்கு விளங்காது.

பதிவேட்டைத் தோண்டியது

சனிக்கிழமை ரேகை இயந்திரத்தின் பதிவை எடுத்தேன். 1-ஆம் தேதியிலிருந்து 19 வரை, மிலாது நபி விடுமுறை போக, 9:40-ஐத் தாண்டிய நாள் 10 என்று காட்டியது. பத்தையும் அப்படியே மெயிலில் போட்டிருந்தால் மானம் போயிருக்கும்.

17-ஆம் தேதி 11:05 என்று இருந்தது. அன்று காலை அம்மாப்பேட்டை பக்கம் ஒரு ஆலையில் கையெழுத்து வாங்கிவிட்டு வா என்று அனுப்பியதே நான்தான். மறந்துபோயிருந்தேன். அந்த நாள் போயிற்று.

13-ஆம் தேதி 9:44. இதில் ஒரு சந்தேகம் வந்து, என் போனையும் இயந்திரத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இயந்திரம் 6 நிமிடம் வேகமாக ஓடிக்கொண்டிருந்தது. எத்தனை மாதமாக என்று தெரியாது. யாரும் கவனிக்கவில்லை, ஏனென்றால் போகும்போதும் அதே கடிகாரம்தான், 6 மணிக்கு ரேகை வைத்தால் 6:06 என்று காட்டும். யாருக்கு அதில் குறை இருக்கப்போகிறது? ஆக 9:44 என்பது 9:38, சலுகை நேரத்துக்குள். அதுவும் போயிற்று.

மிச்சம் எட்டு நாள். ஒவ்வொன்றிலும் 6 நிமிடம் கழித்தேன். இந்த இடத்தில் எனக்குப் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். தாமதம் பற்றிய கடிதத்தில் ஒரு தேதி தப்பாகிவிட்டால், அதற்குப் பிறகு பேச்சு முழுக்க அந்த ஒரு தேதியைப் பற்றித்தான் இருக்கும். "17-ஆம் தேதி நீங்கதானே சார் அனுப்புனீங்க" என்று அவர் சொன்ன நிமிடமே மற்ற எட்டும் அடிபட்டுவிடும். அதனால் சந்தேகம் உள்ள நாளை அவர் பக்கம் விட்டுவிடுவதுதான் லாபம்.

முன்பு வாயால் சொன்னதையும் தேதி பார்த்துக்கொண்டேன். 9-ஆம் தேதி டீக்கடையில் வைத்து, "என்ன தம்பி, மூணு நாள் லேட்டாயிடுச்சே" என்று கேட்டிருந்தேன். "சரிண்ணே, பாத்துக்கறேன்" என்றார். அதற்கு முன்னால் மூன்று நாள், பின்னால் ஐந்து நாள். மெயில் எழுதுவதற்கான நியாயமே அந்த ஐந்தில்தான் இருக்கிறது. வாயால் ஒருமுறைகூடச் சொல்லாமல் முதல் பேச்சையே எழுத்தில் வைத்தால் எவ்வளவு பணிவாக எழுதினாலும் அது மெமோ மாதிரிதான் விழும்.

அரைநாள் சம்பளம் பற்றிய வாக்குவாதம்

ஆடிட்டர் சார் வேறு வழி சொன்னார். "மூணு லேட்டுக்கு அரைநாள் சம்பளம் பிடிச்சுடுங்க, தானா வருவான்." தஞ்சாவூரில் பாதி அலுவலகங்களில் இந்த வழக்கம் உண்டு. ஆனால் அப்போது நடப்பில் இருந்த 1936-ஆம் ஆண்டுச் சம்பளப் பட்டுவாடாச் சட்டத்தின் 9-ஆவது பிரிவு, வராத நேரத்துக்கு எவ்வளவு விகிதமோ அதற்கு மேல் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது என்றது. 2025 நவம்பரில் அதற்குப் பதிலாக நடைமுறைக்கு வந்த 2019 ஊதியச் சட்டத் தொகுப்பிலும் இதே விதி இருக்கிறது. தம்பியின் முதல் மூன்று தாமதத்தையும் கூட்டினால் 67 நிமிடம். அதற்கு நான்கு மணி நேரச் சம்பளத்தைப் பிடிப்பது எந்தக் கணக்கு? ஊருக்கெல்லாம் சட்டப்படி கணக்கு எழுதிக் கொடுக்கிற அலுவலகம் நாங்கள். சார் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை.

அவர் இன்னொன்றும் கேட்டார், மெயிலின் நகலில் தன்னையும் சேர்க்கச் சொன்னார். இதில் எனக்குச் சம்மதமில்லை. நகலில் முதலாளி இருந்தால் தம்பி பதில் எழுதுவது எனக்கு இருக்காது, அவருக்காக இருக்கும். "மன்னிக்கவும், இனி நடக்காது" என்று ஒரு வரி வரும். காரணம் வராது. கடைசியில், இப்படி ஒரு மெயில் போகிறது என்பது சாருக்குத் தெரியும் என்பதை மட்டும் மெயிலிலேயே சொல்லிவிடுவது என்று முடிவானது. மறைக்கவும் இல்லை, சாட்சி வைக்கவும் இல்லை.

அனுப்பியது

22-ஆம் தேதி திங்கட்கிழமை மதியம் 3 மணிக்கு அனுப்பினேன். அன்று அவர் நேரத்துக்கு வந்திருந்தார். தாமதமாக வந்த நாளில் அனுப்பினால் கோபத்தில் எழுதியது போல் இருக்கும். சனிக்கிழமை மாலை அனுப்பினால் ஞாயிறு முழுக்க வீட்டில் அதையே நினைத்துக்கொண்டிருப்பார். அனுப்புவதற்கு முன் அவர் மேசைக்குப் போய், "ஒரு மெயில் அனுப்புறேன் தம்பி. படிச்சிட்டு நாளைக்குப் பேசலாம், அவசரம் இல்ல" என்றேன்.

மொழியிலும் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருந்தது. எங்கள் அலுவலக மெயில்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான். ஆனால் தினமும் தமிழில் பேசுகிறவர் திடீரென்று ஆங்கிலத்தில் எழுதினால் இங்கே அதற்கு ஒரே அர்த்தம்தான், வக்கீல் நோட்டீஸ். அதனால் தமிழில் எழுதினேன். நேரில் அவரை "தம்பி, வா, உட்காரு" என்றுதான் கூப்பிடுவேன். மெயிலில் பெயரும் "நீங்கள்"-உம் போட்டேன். "தம்பி" என்று எழுதிவிட்டுக் கண்டிப்பாக ஒன்றைச் சொன்னால், உறவைக் காட்டி அடக்குவது போல் ஆகிவிடும். இதோ மெயில், அவர் பெயரை மட்டும் எடுத்துவிட்டேன்:

> பொருள்: காலை வருகை நேரம், செப்டம்பர் 3 முதல் 19 வரை
>
> வணக்கம் ———,
>
> செப்டம்பர் 3 முதல் 19 வரை எட்டு நாட்கள் நீங்கள் 9:40-க்குப் பிறகு வந்திருக்கிறீர்கள். 3-ஆம் தேதி 9:46, 4-ஆம் தேதி 9:59, 8-ஆம் தேதி 9:52, 10-ஆம் தேதி 10:14, 11-ஆம் தேதி 10:09, 15-ஆம் தேதி 10:34, 18-ஆம் தேதி 10:04, 19-ஆம் தேதி 10:16. ரேகை இயந்திரம் 6 நிமிடம் வேகமாக ஓடியதால் அதைக் கழித்திருக்கிறேன். நான் ஆலைக்கு அனுப்பிய 17-ஆம் தேதியைச் சேர்க்கவில்லை. இதில் ஏதாவது தவறாக இருந்தால் சொல்லுங்கள், திருத்திவிடுகிறேன்.
>
> 9-ஆம் தேதி இதைப் பற்றி நாம் பேசினோம். அதற்குப் பிறகும் ஐந்து நாள் நடந்திருப்பதால் இப்போது எழுத்தில் தருகிறேன்.
>
> காலை முதல் ஒரு மணி நேரம் உங்கள் ஆலைக்காரர்களுக்கு எவ்வளவு முக்கியம் என்பது என்னைவிட உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். 11-ஆம் தேதி காலையில் ஓடிபி வாங்க முடியாமல் போன இரண்டு ஆலைகளின் ஜிஎஸ்டிஆர்-1 இரவு 7:20-க்குத்தான் தாக்கல் ஆனது. அதுவரை குழுவில் இன்னொருவரும் காத்திருந்தார். 15-ஆம் தேதி உங்கள் அழைப்புகள் அனைத்தையும் வேறொருவர் செய்தார், அவருடைய வேலை மாலைக்குத் தள்ளிப்போனது. 3பி தாக்கலின் கடைசி நாளான 20-ஆம் தேதி நீங்கள் 9:25-க்கே வந்திருந்ததையும் பார்த்தேன்.
>
> செப்டம்பர் 24, புதன்கிழமை முதல் 9:30-க்கு வேலையைத் தொடங்க வேண்டும். 9:40-ஐத் தாண்டும் என்று தெரிகிற நாளில் 8:45-க்குள் எனக்கு போன் அல்லது வாட்ஸ்அப் செய்தி வந்துவிட வேண்டும். காரணம் எழுத வேண்டாம், எத்தனை மணிக்கு வருவீர்கள் என்பது போதும்.
>
> 9:30-க்கு வர முடியாதபடி ஏதாவது சிரமம் இருந்தால் என்னிடம் சொல்லுங்கள். எழுத விருப்பம் இல்லையென்றால் நாளை 11 மணிக்கு நேரில் பேசலாம். வேலை நேரத்தைக் கொஞ்ச நாளைக்கு மாற்றிக்கொள்வது உட்பட எதையும் பேசத் தயார். ஆனால் முன்கூட்டிச் சொல்லாமல் தாமதமாக வருவதை இனி ஏற்க முடியாது.
>
> அக்டோபர் 6, திங்கட்கிழமை இருவரும் உட்கார்ந்து பார்ப்போம். அதற்குள் சரியாகாவிட்டால் நான் ஆடிட்டர் சாருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டியிருக்கும். இந்த மெயில் உங்களுக்கு மட்டும்தான். எழுதுகிறேன் என்பது சாருக்குத் தெரியும்.
>
> இப்படிக்கு,
> ———

இதில் நான் ரொம்ப யோசித்த இடங்கள் இரண்டு. "குழுவில் இன்னொருவர்" என்று எழுதியது ஒன்று. அது யார் என்று அவருக்கும் தெரியும், அவருக்குப் பக்கத்து சீட்டில் இருக்கும் சீனியர் அக்காதான். 11-ஆம் தேதி அக்கா வழக்கமாகப் போகும் பஸ்ஸை விட்டுவிட்டு எட்டு மணிக்கு மேல் வீடு போய்ச் சேர்ந்தார். ஆனாலும் பெயரைப் போட்டிருந்தால் அக்கா புகார் சொன்னதாகத்தான் தம்பிக்குத் தோன்றியிருக்கும். அக்கா சொல்லவே இல்லை. பேச்சு என்னை விட்டு அவர்கள் இருவருக்கும் நடுவே போய்விடும்.

இன்னொன்று 20-ஆம் தேதி பற்றிய வரி. முதலில் பாராட்டு, நடுவில் குறை, கடைசியில் பாராட்டு என்று வைத்து எழுதும் ஒரு முறை இருக்கிறது. எனக்கு அது பிடிக்காது, படிப்பவர் "ஆனால்" எங்கே வருகிறது என்று தேடிக்கொண்டே இருப்பார். இந்த வரியை அப்படி வைக்கவில்லை. வேலைக்கு என்ன ஆனது என்ற பத்தியிலேயே, மற்ற தேதிகளோடு ஒரு தேதியாக வைத்தேன். மாதத்திலேயே நெருக்கடியான நாளில் அவர் ஐந்து நிமிடம் முன்னதாக வந்திருக்கிறார் என்றால், அதுவும் பதிவேட்டில் உள்ள உண்மைதான். தாமதத்தை மட்டும் பொறுக்கி எடுத்துவிட்டு அதை விட்டுவிட்டால் பதிவேட்டைப் பாதிதான் படித்ததாக ஆகும்.

"வழக்கமாகத் தாமதம்" என்ற சொற்களை வேண்டுமென்றே தவிர்த்தேன். அப்போது நடப்பில் இருந்த 1946-ஆம் ஆண்டு நிலையாணைச் சட்டத்தின் கீழ் வந்த மாதிரி ஆணைகளில், தாமதமாக வருவதையே வழக்கமாகக் கொண்டிருப்பது தவறான நடத்தைகளின் பட்டியலில் இருந்தது. எங்களைப் போன்ற சின்ன அலுவலகத்துக்கு அந்தச் சட்டம் பொருந்தியதில்லை. ஆனாலும் தணிக்கை அலுவலகத்தில் வேலை பார்ப்பவர்களுக்கு அந்தச் சொல்லின் கனம் தெரியும். விளக்கம் கேட்கும் மெமோவாக இருந்தால் அந்தச் சொல் வந்தாக வேண்டும், பதில் தருவதற்குக் கெடுவும் கொடுக்க வேண்டும். இது அதற்கு ஒரு படி கீழே உள்ளது. இரண்டையும் கலந்தால் மெமோவின் பலமும் இருக்காது, பேச்சின் இதமும் இருக்காது.

பதிலும், அதற்குப் பிறகு தெரிந்ததும்

இரவு 9:40-க்குப் பதில் வந்தது. "அண்ணே, தேதி எல்லாம் சரி. 19 மட்டும் நான் 10:10-க்கே வந்துட்டேன். கரண்ட் இல்லாம மிஷின் ஓடல, வந்தப்புறம்தான் ரேகை வெச்சேன். நாளைக்குப் பேசுறேன்."

விசாரித்தேன். உண்மைதான். 19-ஆம் தேதி காலை மின்தடை, ரேகை இயந்திரத்துக்கு இன்வெர்ட்டர் இணைப்பு இல்லை. திருத்திவிட்டேன் என்று உடனே பதில் போட்டேன். ஆறு நிமிட வித்தியாசத்துக்காக அவர் எழுதியது எனக்கு நல்ல அறிகுறியாகப் பட்டது. மற்ற ஏழு தேதியையும் அவரே ஒப்புக்கொண்டுவிட்டார்.

மறுநாள் 11 மணிக்கு வந்து உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் சொன்னார்: "கொள்முதல் நிலையத்துலதாண்ணே ராத்திரி படுத்திருக்கேன்."

அந்த வருடம் மேட்டூர் அணையை வழக்கப்படி ஜூன் 12-ஆம் தேதி திறந்தார்கள். அவர்கள் வீட்டில் மூன்று ஏக்கரில் குறுவை. ஆகஸ்ட் கடைசியில் அறுத்தார்கள். செப்டம்பர் 1-இல் கொள்முதல் பருவம் தொடங்கியதும் நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோய்க் குவித்துவிட்டார்கள். அங்கே ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருந்தால்தான் எடுப்பார்கள். இவர்கள் நெல் முதலில் பார்த்தபோது 21. பகலில் கிளறிக் காயவைக்க வேண்டும், மாலையில் மழை மேகம் திரண்டால் ஓடிப்போய்க் குவித்துத் தார்ப்பாயைப் போட்டு மூட வேண்டும். காய்ந்து வரும்போது இன்னொரு மழை. குவியலை விட்டுவிட்டு வரவும் முடியாது, மாடு மேயும், மூட்டை குறையும். அப்பாவுக்கு இரவில் கண் சரியாகத் தெரியாது. அதனால் பகலில் அப்பா, ராத்திரியில் இவர். காலையில் அப்பா வந்து மாற்றிவிட்ட பிறகுதான் வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டுப் பஸ் பிடிக்க முடியும். 7:30 பஸ் போய்விடும். 8:10 பஸ் கிடைக்கும், அது நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் மாட்டும். அந்தக் கேட்டைப் பற்றி இந்தப் பக்கத்துக்காரர்களிடம் சொல்ல வேண்டியதில்லை. இன்ஜின் முன்னும் பின்னும் போய்வந்து முடிகிற வரை பஸ் வரிசை கடைத்தெரு வரைக்கும் நிற்கும். 20-ஆம் தேதி மட்டும் சித்தப்பா மகன் ராத்திரிக் காவலுக்கு வந்ததால் 7:30 பஸ்ஸைப் பிடித்திருக்கிறார்.

"இதை டீக்கடையில கேட்டப்பவே சொல்லியிருக்கலாமே தம்பி" என்றேன்.

"சொல்லலாம்னுதான்ணே இருந்தேன். நம்ம கிளையண்ட் எல்லாம் ஆலைக்காரங்க. நெல்லு எடுக்க மாட்டேங்கறாங்கன்னு இங்க வாயத் தொறந்தா, யாராவது ஒருத்தர் நான் எடுத்துக்கறேன்னு வருவாரு, வெலையக் கொறச்சுக் கேப்பாரு. அவருக்கே நான் கணக்கு எழுதணும். அது நல்லா இருக்காதுன்னு விட்டுட்டேன்."

இது எனக்குத் தோன்றியே இருக்காது. சோம்பல், காதல், வேறு வேலை தேடுகிறான் என்று மனதுக்குள் பல காரணம் வைத்திருந்தேன். அவர் எங்கள் அலுவலகத்தின் பெயரைக் காப்பதற்காக வாயை மூடிக்கொண்டிருந்தார். முதல் வரைவில் எழுதிய "கண் விழிப்பதைத் தவிர்த்து" என்ற வரி அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

காரணம் நியாயமானது என்பதற்காக மெயிலில் கேட்டதைத் திரும்பப் பெறவில்லை. காலையில் ஆலைக்காரர்களை அழைக்க ஆள் இல்லை என்பது அப்படியேதான் இருக்கிறது. நேரத்தை மட்டும் மாற்றினோம். செப்டம்பர் 24 முதல் அக்டோபர் 4 வரை 10:15-க்கு வந்து 6:45-க்குப் போவது. வழக்கமான 9:30 முதல் 6 வரை உள்ள அதே எட்டரை மணி நேரம், சாப்பாட்டு அரை மணியும் அதில் அடக்கம். அந்த நாட்களில் 11-உம் 20-உம் வராது என்பதால் காலை அழைப்புகள் குறைவு. இருப்பதை மாலை 6 மணிக்கு மேல் அவரே செய்துவிடுவார். 10:15-க்கும் பிந்தும் என்றால் 8:45-க்குள் செய்தி. அக்டோபர் 6 முதல் நெல் போட்டிருந்தாலும் போடாவிட்டாலும் 9:30. இந்தக் கடைசி நிபந்தனையைச் சொல்லும்போது எனக்கே சங்கடமாக இருந்தது. ஆனால் முடிவுத் தேதி இல்லாத சலுகை கொஞ்ச நாளில் உரிமையாகிவிடும், அப்புறம் எடுப்பது இருவருக்கும் கஷ்டம். பேசியதை நான்கு வரியில் அன்று மாலையே மெயிலில் போட்டேன்.

அக்டோபர் 6

ஆயுத பூஜை, காந்தி ஜெயந்தி விடுமுறை போக எட்டு வேலை நாள். ஆறு நாள் 10:15-க்குள் வந்தார். ஒரு நாள் காலை 8:40-க்கு வாட்ஸ்அப்: "கேட் போட்டாச்சு. 10:40." சொன்னபடியே 10:40-க்கு வந்தார். ஒரு நாள் செய்தி இல்லாமல் 10:31. கேட்டேன், போனில் சார்ஜ் இல்லை என்றார். கொள்முதல் நிலையத்தில் படுத்தவரிடம் அதற்கு மேல் என்ன கேட்பது? கண்டக்டரிடம் போன் வாங்கியாவது சொல்லியிருக்கலாம் என்றேன், தலையாட்டினார். அதையும் குறித்து வைத்தேன். விட்டுக்கொடுப்பது வேறு, எழுதாமல் விடுவது வேறு.

நெல் செப்டம்பர் 30-ஆம் தேதிதான் எடை போட்டார்கள். 6-ஆம் தேதியிலிருந்து 9:30-க்கு வருகிறார். அக்டோபர் 11 ஜிஎஸ்டிஆர்-1 எல்லாம் மதியத்துக்குள் முடிந்தது.

நான் எதிர்பார்க்காதது வேறு இடத்திலிருந்து வந்தது. சீனியர் அக்கா ஒரு நாள் டீ குடிக்கும்போது கேட்டார்: "ஏன் சார், வயலுக்குன்னா நேரம் மாத்தித் தர்றீங்க. எம் பொண்ணப் பள்ளிக்கூடத்துல விட்டுட்டு நான் தினமும் ஓடி வர்றேனே, எனக்கு ஒரு கால் மணி நேரம் கெடைக்காதா?" கேட்டதில் தப்பே இல்லை. தம்பிக்குக் கிடைத்தது தாமதமாக வந்ததால் கிடைத்தது. அக்கா ஒரு நாள்கூடத் தாமதமாக வராததால் அவரைப் பற்றி யாரும் யோசிக்கவே இல்லை. ஆடிட்டர் சார் முதலில் முடியாது என்றார், ஒருத்தருக்குக் கொடுத்தால் பதினாலு பேரும் கேட்பார்கள் என்று. அக்காவின் வேலையில் காலை அழைப்புகள் இல்லை என்பதை எடுத்துக் காட்டிய பிறகு, நவம்பர் முதல் 9:45 முதல் 6:15 வரை என்று ஒத்துக்கொண்டார்.

ரேகை இயந்திரத்தின் கடிகாரத்தை இப்போது ஒவ்வொரு திங்கட்கிழமையும் என் போனோடு சரிபார்க்கிறேன். இன்வெர்ட்டர் இணைப்பும் கொடுத்தாயிற்று. 6 மணிக்குப் போகிறவர்களுக்குத்தான் கொஞ்சம் வருத்தம், ஆறு நிமிடம் போய்விட்டதே என்று.